கைக்குக் கேட்காத விசில்

பிச்சையா பேசும்போது பின்னால் எப்போதும் அருவி விழுந்துகொண்டிருக்கும். காலையில் குத்துக்கல்வலசையிலிருந்து பஸ் ஏறிக் குற்றாலம் போய், மெயினருவியில் குளித்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் ஈரத் துண்டோடு உட்கார்ந்துதான் அவர் தன் வாழ்க்கையைச் சொல்வார். ரகசியம் சொல்வதுபோல ஆரம்பித்து, சற்று நேரத்தில் தண்ணீரோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருப்பார். அது வாய்ஸ் நோட்டாகத் தென்காசியில் நிவேதாவின் போனுக்கு வந்து சேரும்.

"ஏட்டி நிவேதா, கேட்டியா. குஸ்திக் கோதா மண்ணுல மோரு ஊத்துவோம்னு நேத்து சொன்னேம்லா. நல்லெண்ணெயும் ஊத்துவோம், மஞ்சளும் போடுவோம். அதையும் சேத்துக்கோ. இல்லன்னா எவனாவது ஒன் புஸ்தகத்தப் படிச்சுட்டு வெறும் மோருல உருண்டு சொறி புடிச்சு அலைவான்."

"உங்க புஸ்தகம் தாத்தா," என்று அவள் பதில் அனுப்புவாள்.

ஒரு காலத்தில் செங்கோட்டையிலிருந்து சங்கரன்கோவில் வரை எந்தக் கோயில் கொடைத் திருவிழாவில் குஸ்தி நடந்தாலும் பிச்சையா பயில்வான் பெயர் நோட்டீஸில் இருக்கும். இரண்டு காதுகளும் மடிந்து கெட்டியாகி, பழைய பணியாரம்போல இருந்தன. ஆவணியில் அவருக்கு எழுபது நிறைகிறது. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் கையில் அவருடைய கதையைப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்பது மகள் சங்கரேஸ்வரியின் ஆசை. எழுதித் தரும் வேலை நிவேதாவுக்கு வந்தது. இதற்கு முன் இரண்டு பேருக்கு அவள் இப்படி எழுதியிருக்கிறாள். அட்டையில் பெயர் வராத வேலை.

வேலை இப்படி நடக்கும். வரும் ஒவ்வொரு குரல் பதிவுக்கும் ஒரு எண் போடுவாள். அருவிச் சத்தத்தைக் குறைக்கும் ஒரு செயலியில் அதைச் சுத்தம் செய்து, சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்வாள். இருமல், மறதி, "எங்க விட்டேன்" எல்லாம் அதில் இருக்கும். பிறகு வருட வரிசைப்படி அடுக்கி, மூன்று தடவை சொன்னதை ஒரு தடவையாக்கி, ஓட்டையான இடங்களுக்குக் கேள்வி அனுப்புவாள். கடைசியில் அத்தியாயமாக எழுதுவாள். பிச்சையாவுக்குக் கண்புரை. எழுதியதை அவள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் அந்த அத்தியாயம் முடிந்தது.

அவருடைய பேச்சை அவள் ஒரு ஊரைப் போலச் சுற்றிப் பார்த்திருந்தாள். அவருடைய வாக்கியங்கள் குட்டையானவை. வினையில் போய் டக்கென்று உட்கார்ந்துவிடும். 'பயம்', 'சந்தோஷம்' என்ற சொற்களே வராது. பயந்த கதையைச் சொல்லும்போது "தண்ணி தாகமா இருந்துது" என்பார். ஜெயித்த கதைக்கு, "அன்னைக்கு நல்லாச் சாப்பிட்டேன்." இரண்டு மாதத்தில், குழம்பு வைக்கும்போதுகூட அவளுக்குள் அந்தக் குரல் ஓட ஆரம்பித்துவிட்டது. 'கடுகு வெடிச்சுது. நான் ஒதுங்கிக்கிட்டேன்.'

ஏழாவது அத்தியாயம் கடற்கரை என்பவரோடு நடந்த குஸ்தி. கடற்கரை புளியறைக்காரர், பிச்சையாவைவிட நாலைந்து வயது இளையவர். அந்தக் குஸ்தியில் அவருடைய வலது தோள் போய்விட்டது. அதோடு கோதாவை விட்டுவிட்டார். இப்போது புளியறையில் செக்போஸ்டுக்குச் சற்று முன்னால் ஓட்டல் வைத்திருக்கிறார். வியாழக்கிழமைதோறும் பிச்சையா அங்கே போய்ப் பரோட்டா சாப்பிடுவது பல வருட வழக்கம்.

முதுகு மண்ணில் பட்டால் தோல்வி; நடுவர் விசில் அடித்ததும் பிடியை விட்டுவிட வேண்டும். அந்தக் குஸ்தியைப் பற்றிய குரல் இப்படி இருந்தது:

"பின்னால போயிட்டேன். அவன் வலது கையப் பூட்டிக்கிட்டேன். தூக்கிப் போட்டேன். முதுகு மண்ணுல பட்டுது. விசில் அடிச்சுட்டாங்க."

அதன்பின் ஒரு மௌனம். நீண்ட, துடைத்துவைத்ததுபோன்ற மௌனம். பிறகு, "அப்புறம் அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. தோளு எறங்கிப்போச்சு."

தட்டச்சில் 'நீண்ட மௌனம்' என்று அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொண்டாள். அந்த இடத்தில் கேள்வி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. எங்கோ பனி பெய்யும் ஊர்களின் நாவல்களில், கிழவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் பக்கங்களை அவள் நிறையப் படித்திருந்தாள். அந்தப் பேசாமையில் எப்போதும் ஏதாவது புதைந்திருக்கும். இங்கேயும் இருந்தாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது அந்த வரி, அவர் குரலிலேயே, முழுசாக வந்து விழுந்தது.

'விசில் காதுக்குக் கேட்டுது. கைக்குக் கேக்கல.'

எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவர் பேசியதைவிட அவரைப்போல இருந்தது. பத்தியின் ஓரத்தில் அந்தக் குரலின் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

வாசித்துக் காட்டிய அன்று பிச்சையா பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மறித்தார்.

"'குப்புற'ன்னு எவன் சொன்னான்? 'கவுந்து'ன்னு போடு. 'குப்புற' எங்க அம்மை வீட்டுப் பேச்சு."

"சரி தாத்தா."

"செங்கோட்டையில அன்னைக்கு வெயிலுன்னு போட்டிருக்க. மோடம் போட்டிருந்துது."

"மாத்திருதேன்."

அந்த வரி வந்தது. வாசித்துவிட்டு நிறுத்தினாள். அவர் மறிக்கவில்லை. கண்ணைத் திறந்து, மடியில் கிடந்த வலது கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ம். சரி," என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நிவேதாவுக்குச் சிரிப்பாக வந்தது. தான் ஒரு எழுத்தாளர் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை தோன்றியது.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. இரண்டு வாரம் போயிற்று. சீசன் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். சங்கரேஸ்வரிதான் கூப்பிட்டாள்.

"நிவேதா, அப்பாகிட்ட நீ எதுவும் கேட்டியா? குற்றாலம் போறாரு, வாறாரு, வாயத் தொறக்க மாட்டேங்காரு. வியாழக்கெழம கடற்கரை மாமா கடைக்கும் போகல. ரெண்டு வாரமாச்சு. மாமா போன் அடிச்சா, எடுக்காம கவுத்து வச்சிருதாரு."

"நான் ஒண்ணும் கேக்கலியேக்கா."

"நேத்து சோத்துல கைய வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லுதாரு: 'ஏட்டி, அவன் தோள நாந்தான் ஒடச்சேன். விசில் கேட்டும் விடல.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எங்க அம்மை உசிரோட இருந்தப்பகூட இத அவரு சொன்னதில்ல. புஸ்தகம் எழுதுனதுல பழசெல்லாம் வெளிய வருது போல."

நிவேதா ஏதோ சொல்லி போனை வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து, சுத்தம் செய்யாத மூலக் குரலைத் தேடி எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அருவி கொட்டியது. "விசில் அடிச்சுட்டாங்க" என்றார் பிச்சையா. பிறகு மௌனம் இல்லை. ஒரு டம்ளர் பெஞ்சில் வைக்கப்படும் சத்தம். தூரத்தில், போனை விட்டுத் தள்ளி, அவர் குரல்: "சீனி கம்மியாப் போடுன்னு எத்தன தடவலே சொல்லுதது." யாரோ ஏதோ சொன்னார்கள். உஸ், உஸ் என்று ஊதும் சத்தம். உறிஞ்சும் சத்தம். இன்னொரு தடவை உறிஞ்சும் சத்தம். "அப்புறம் அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க."

அவர் டீ குடித்திருக்கிறார்.

செயலி அருவியைத் துடைத்தபோது டீயையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது. அந்தச் சுத்தமான பள்ளத்தில்தான் அவள் ஒரு குற்றத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

உடனே அவரிடம் போயிருக்கலாம். பயம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே அப்படித்தான் நடந்திருக்குமோ என்று ஒரு சின்ன ஆசையும் இருந்தது. அப்படி நடந்திருந்தால் அவள்மேல் தப்பில்லை. மறுநாள் புளியறைக்குப் பஸ் ஏறினாள்.

லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஓட்டலில் கடற்கரையின் மகன் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தான். கடற்கரை கல்லாவில் இருந்தார். பின்னால் அலமாரியிலிருந்து எதையோ எடுக்க, வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்கிவிட்டுக்கொண்டார். நிவேதா தான் யார் என்று சொன்னாள். அந்தக் குஸ்தியைக் கேட்டாள்.

"ஓ, நம்ம அண்ணன் கத எழுதுத பிள்ளையா? இரி, இரி. எனக்கு வேட்டி கிட்டி நல்லாக் கெட்டிவிட்டிருக்கியா கதையில? அவன் சொன்னா என்னிய கோவணத்தோட நிறுத்தியிருப்பான்."

"அவரு விசில் அடிச்சப்புறமும் உங்க கைய விடலியா?"

"யாரு சொன்னா?"

"சும்மா கேக்கேன்."

"விசிலாவது ஒண்ணாவது. அந்தரத்துலயே விட்டுட்டான். விட்டதுதாம் பிள்ள வென. கை சும்மா கெடச்சதும் கீழ விழுமுந்தி மண்ணுல ஊனப் பாத்தேன். மொத்த ஒடம்பும் அந்த ஒத்தக் கை மேல வந்து எறங்கிட்டு. ஊனக்கூடாதுன்னு எங்க வாத்தியாரு படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. எங்க கேட்டேன்?" சிரித்தார். "அவன் பூட்ட விடாம இருந்திருந்தா, தோத்துட்டு முழுக்கையோட வீட்டுக்குப் போயிருப்பேன். ஏன், அவன் என்ன சொல்லுதான்? கடைப்பக்கமே காணோம்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டீயைச் சொன்னாள். தன் வரியையும் சொன்னாள். கடற்கரையின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ஒரு லாரிக்காரர் காசு நீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏட்டி, ஒருத்தன் வாயில சோத்த வைக்கலாம். பேச்ச வைக்கலாமா?"

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"நாளைக்குக் காலம்பற குற்றாலத்துக்கு வா. நானும் வாரேன். ரெண்டு பேருமாச் சொன்னா சரியாப் போவும்."

மறுநாள் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பிச்சையா அதே பெஞ்சில் இருந்தார். கடற்கரையைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொல்லவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்தார்.

"என்னண்ணே, போன எடுக்க மாட்டேங்க. எம் மவன் பரோட்டால மண்ண அள்ளியா போட்டான்?" என்றார் கடற்கரை.

பிச்சையா துண்டைப் பிழிய ஆரம்பித்தார்.

நிவேதா நின்றுகொண்டே சொன்னாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த சொற்கள் எதுவும் வரவில்லை. "தாத்தா, அந்த வரிய நீங்க சொல்லல. நான் எழுதிட்டேன். நல்லா இருந்துதுன்னு எழுதிட்டேன். நீங்க அந்த இடத்துல டீ குடிச்சீங்க. அவ்வளவுதான்." போனை அவர் காதருகே வைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். டம்ளர். சீனி. உறிஞ்சல். சற்றுத் தள்ளி டீக்கடைக்காரர் அப்போதும் அதே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பிச்சையா முழுவதும் கேட்டார்.

"நாந்தான்," என்றார். "சீனி அள்ளிக் கொட்டிட்டான் அன்னைக்கு."

"அதாம் தாத்தா. நீங்க எதையும் மறைக்கல. நான்தான்—"

"அண்ணே, நீ அந்தரத்துலயே விட்டுட்ட," என்றார் கடற்கரை. "அடியில கெடந்தவன் நானு. எனக்குத் தெரியாதா?"

பிச்சையா கடற்கரையின் வலது தோளில் கை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"நீ நல்லவம்லே. எனக்காண்டி அப்படித்தான் சொல்லுவ."

"அட, இந்தக் கூத்தப் பாரு. யாருக்காண்டியும் இல்ல. நடந்ததச் சொல்லுதேன்."

"இத்தன வருசமா எனக்குப் பரோட்டா போட்டிருக்க. ஒரு நாளாவது கையக் காட்டி ஒரு சொல்லு சொல்லியிருப்பியா? சொல்ல மாட்ட. ஒன் கொணம் அது."

கடற்கரை நிவேதாவைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, திகைப்புத்தான். நல்லவராக இருந்ததே அவருடைய சாட்சியைச் செல்லாததாக்கிக்கொண்டிருந்தது.

"தாத்தா, அந்த வரிய எடுத்திருதேன்," என்றாள் அவள்.

"எடு, எடு," என்றார் பிச்சையா. சொன்னது காதில் விழாதவரைப் போலத்தான் சொன்னார். அன்றைக்கும் அவர் புளியறைக்குப் போகவில்லை. கடற்கரை தனியாகத்தான் பஸ் ஏறினார்.

நிவேதா அத்தியாயத்தைப் புதிதாக எழுதினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலக் குரலோடு ஒத்துப் பார்த்தாள். தன்னுடைய சொல் ஒன்றுகூட இல்லாதபடி பார்த்துக்கொண்டாள். வாக்கியங்கள் மொட்டையாக நின்றன. அழகு இல்லை. அதுவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. குத்துக்கல்வலசைக்குப் போய் வாசிக்க உட்கார்ந்தாள். சங்கரேஸ்வரி அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"...தூக்கிப் போட்டேன். முதுகு மண்ணுல பட்டுது. விசில் அடிச்சுட்டாங்க. அப்புறம் அவன ஆஸ்பத்திரிக்கு—"

"நில்லு."

நிறுத்தினாள்.

"விசில் காதுக்குக் கேட்டுது. கைக்குக் கேக்கல," என்றார் பிச்சையா. "அத எங்க?"

"அது என் வரி தாத்தா. எடுத்திருதேன்னு சொன்னேம்லா."

"தெரியும். நீதான் போட்டுக் காட்டுனியே. அன்னைக்கு நான் சொல்லல. இன்னைக்குச் சொல்லுதேன். ரெக்கார்டு போடு."

"தாத்தா, அவரு அப்படி நடக்கலன்னு சொல்லுதாரு."

"குஸ்தி புடிச்சவன் நானா நீயா?"

அவள் போனை எடுத்து வைத்தாள். அருவிச் சத்தம் இல்லாமல், முதல் தடவையாக அவர் குரல் மட்டும் தெளிவாகப் பதிவாயிற்று.

"விசில் காதுக்குக் கேட்டுது. கைக்குக் கேக்கல. அவன், 'அண்ணே, விடு'ன்னான். வாய் நெறைய மண்ணு. அந்த மண்ணோட சொன்னான். எனக்குத் தண்ணி தாகமா இருந்துது."

நிவேதா அதையெல்லாம் எழுதியிருக்கவில்லை. அந்த மண்ணையும், அந்த 'அண்ணே'யையும் அவர் எங்கிருந்து எடுத்தார்? அவள் போட்ட விதையா, அல்லது எங்கோ கிடந்ததை அவள் வரி தோண்டிவிட்டதா? கடற்கரை அடியில் கிடந்தவர். அவர் சொன்னதுதான் உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நாற்காலியில் கண்ணை மூடி இருக்கும் இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜமாவே அப்படிச் சொன்னாரா தாத்தா?"

"சொன்னான்."

கடைசியாக ஒன்று முயன்றாள். "அப்படின்னா, கடற்கரைத் தாத்தா சொன்னதையும் சேத்துப் போடுவோம். நீங்க அந்தரத்துலயே விட்டுட்டீங்கன்னு அவரு சொல்லுததையும். படிக்கவங்களுக்கு ரெண்டும் தெரியட்டும்."

அவர் யோசித்தார். முகம் மெல்ல இளகியது. "போடு. நல்லாப் போடு. இப்படி எழுது: 'கடற்கரை இன்னைக்கும் என்கிட்ட, நீ அப்பவே விட்டுட்டண்ணேன்னுதான் சொல்லுதான். அவன் மனசு அப்படி.'"

அவள் தட்டச்சு செய்தாள். அவர் கேட்டபடி முதலிலிருந்து வாசித்துக் காட்டினாள். அந்த இடம் வந்தபோது அவளுக்கே புரிந்தது. கடற்கரையின் உண்மை கீழே வந்து உட்கார்ந்ததும், மேலே இருந்த பொய் இன்னும் உறுதியாக நின்றது. படிக்கிறவர்கள் கடற்கரையின் பெருந்தன்மையை நினைத்துக் கண் கலங்குவார்கள். பிச்சையாவை மன்னிப்பார்கள். வரியின் பக்கத்தில் போட இப்போது ஒரு குரல் எண்ணும் இருக்கிறது. யார் சரிபார்த்தாலும் தப்பு தெரியாது.

"சரி," என்றார் பிச்சையா. பெரிதாக மூச்சு விட்டார். "ஏட்டி சங்கரேஸ்வரி, என் சட்டய எடு."

"எங்கப்பா?"

"புளியறைக்கி. வாய் விட்டுச் சொல்லியாச்சு, எழுதியுமாச்சு. இனி போயிச் சாப்பிடுததுக்கு என்ன?"

சங்கரேஸ்வரி கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் செருப்பைத் தேடி மாட்டி, வேகமாகத் தெருவில் இறங்கினார். இரண்டு மூன்று வாரமாக மடங்கிக் கிடந்த முதுகு நிமிர்ந்திருந்தது.

கடற்கரை இன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறவருக்கு எதிரே, என்ன செய்வார்? ஒருவேளை மறுபடியும் மறுப்பார். மறுக்க மறுக்க உயர்ந்துகொண்டே போவார். பிறகு ஒரு நாள் அலுத்துப்போய், "சரிண்ணே, விடு" என்பார்.

சங்கரேஸ்வரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிவேதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எத்தன வருசமா மனசுக்குள்ள வச்சிருந்திருக்காரு பாரு. ஒன்னாலதான் எறக்கி வச்சாரு. நீ நல்லா இருக்கணும் பிள்ள."

"அக்கா, அது—"

"இரி, டீ போடுதேன். குடிச்சுட்டுத்தான் போகணும்."

அவள் உள்ளே போனாள். நிவேதாவின் மடியில் அத்தியாயம் திறந்தே இருந்தது. சேமிக்கவா என்று திரை கேட்டது. உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. சேமித்தாள்.